சீரகம் வாங்கப் போய் வேறொன்றை வாங்கி வராமல் இருக்க: ஐரோப்பாவில் புதிதாகச் சமைப்போருக்கு ஒரு வழிகாட்டி

ஜெர்மனிக்கோ சுவிட்சர்லாந்துக்கோ ஸ்காண்டிநேவிய நாடுகளுக்கோ படிக்கவும் வேலைக்கும் வருகிறவர்கள் முதல் மாதத்திலேயே ரசம் வைக்க முயல்வார்கள். மிளகும் பூண்டும் எளிதில் கிடைத்துவிடும். புளியை ஆசியக் கடையில் தேடிப் பிடித்துவிடலாம். சீரகம் மட்டும் அருகிலிருக்கும் பேரங்காடியிலேயே கிடைப்பதுபோல் தோன்றும். ஜெர்மன் கடைகளில் ‘கியூமல்’ என்று அச்சிட்ட சிறு புட்டியும், சுவீடனில் ‘கும்மின்’ என்று அச்சிட்ட பொட்டலமும் இருக்கும். ‘கியூமின்’ என்ற ஆங்கிலச் சொல்லை அறிந்தவர் அதைத் தயக்கமின்றி எடுத்துக்கொள்வார். ஆனால் அந்தப் புட்டியில் இருப்பது சீரகம் அன்று. ஆங்கிலத்தில் ‘கேரவே’ எனப்படும் வேறொரு செடியின் விதை. அதைப் போட்டு வைத்த ரசத்தில் ரை தானிய ரொட்டியின் வாசனைதான் வரும்.

ஜெர்மன் சொல்லும் சுவீடன் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் ஒரே பழைய கிரேக்க–லத்தீன் வேரிலிருந்து வந்தவை. வெயில் மண்ணுக்குரிய சீரகத்துக்கு அமைந்த அந்தப் பெயர், வடக்கே போனபோது அங்கே தானாக விளைந்த கேரவேக்கு ஒட்டிக்கொண்டது. பிற்காலத்தில் சீரகம் அந்நாடுகளின் சந்தைக்கு வந்தபோது அதற்கு ஓர் அடைமொழி தேவைப்பட்டது. ஆகவே அந்நாடுகளில் அடைமொழியில்லாத பெயர் கேரவேயையும், அடைமொழியுள்ள பெயர் நம் சீரகத்தையும் குறிக்கும் என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

முதற்படி: சமையல் குறிப்பு எந்தச் சீரகத்தைச் சொல்கிறது?

கடைக்குப் போவதற்கு முன் கையிலுள்ள குறிப்பைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் குழப்பத்தில் பாதி தமிழிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் பெரும்பாலோர் ‘சோம்பு’ என்பதையே தென்மாவட்டங்களில் பலரும் ஈழத்தவரும் ‘பெருஞ்சீரகம்’ என்கிறார்கள். ஈழத்தில் அதற்கு எதிரான மற்றதைச் ‘சின்னச்சீரகம்’ என்றும் ‘நற்சீரகம்’ என்றும் சொல்வார்கள். தமிழ்நாட்டில் வெறும் ‘சீரகம்’ என்றாலே அதுதான். இரண்டும் ஒரே செடியின் பெரிய விதையும் சிறிய விதையும் என்று புதியவர்கள் எண்ணிக்கொள்வதுண்டு. அவை வெவ்வேறு செடிகள். மணமும் முற்றிலும் வேறு. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போட இயலாது.

குறிப்பு ஆங்கிலத்தில் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். இலங்கையில் எழுதப்படும் ஆங்கிலக் குறிப்புகளில் ‘ஸ்வீட் கியூமின்’ என்று வருவது பெருஞ்சீரகம். ‘கியூமின்’ என்ற சொல்லைக் கண்டு இதுவும் ஒருவகைச் சீரகம் என்று கொள்ளக் கூடாது. மலேசியாவிலும் இதே அமைப்புத்தான்: மலாய் மொழியில் ‘ஜிந்தான் மானிஸ்’ என்பதற்கு நேர்ப்பொருள் இனிப்புச் சீரகம், குறிக்கும் பொருளோ சோம்பு; ‘ஜிந்தான் பூத்தே’, அதாவது வெள்ளைச் சீரகம், என்பதே நம் சீரகம். தமிழ்நாட்டில் எழுதப்படும் ஆங்கிலக் குறிப்புகளிலோ சோம்பை ‘அனிசீட்’ என்று எழுதும் வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. ஐரோப்பாவில் ‘அனிஸ்’ என்ற பெயரில் விற்பது சோம்பைவிடச் சிறிய, உருண்டு திரண்ட, இன்னும் தித்திப்பான வேறொரு விதை. ஆகவே தமிழ்நாட்டுக்காரர் எழுதிய கறிக்குறிப்பில் அனிசீட் என்று கண்டால், அவர் மனத்தில் இருந்தது சோம்பு என்றே கொள்ளலாம்.

எழுதியவர் எந்த ஊர்க்காரர் என்று தெரியாவிட்டால், அளவைப் பார்த்து ஊகிக்கலாம். கறித்தூளில் மிளகுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ கேட்கப்படுவது பெரும்பாலும் பெருஞ்சீரகம். ரசத்திலும் பொங்கலிலும் மிளகோடு இணைந்து வருவது சீரகம். அங்கே சோம்புக்கு வேலையே இல்லை.

இரண்டாம் படி: தாவரப் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்

எந்த விதை என்று முடிவானதும் அதன் லத்தீன் தாவரப் பெயரைக் கைபேசியில் குறித்துவைப்பது நல்லது. இது படிப்பாளித்தனமாகத் தோன்றலாம். ஆனால் நாடு மாறினாலும் மாறாத பெயர் அது ஒன்றுதான். கடைகளின் இணையப் பக்கத்திலோ அகராதியிலோ அதைத் தட்டித் தேடினால், உள்ளூர் மொழியில் அதற்கு வழங்கும் பெயர் படத்தோடு வந்துவிடும். சீரகத்துக்கு Cuminum cyminum, சோம்புக்கு Foeniculum vulgare, கேரவேக்கு Carum carvi, கருஞ்சீரகத்துக்கு Nigella sativa ஆகிய நான்கும் போதும். தானியங்கி மொழிபெயர்ப்பில் ‘சீரகம்’ என்று தமிழில் இட்டு நேராக ஜெர்மன் சொல்லைக் கேட்பதைவிட இது நம்பத்தக்கது. அத்தகைய கருவிகள் பல நேரங்களில் ஆங்கிலத்தின் வழியாகச் சுற்றிப் போவதால், இடையில் எந்த விதை எந்த விதையாக மாறியது என்பது நமக்குத் தெரியவராது.

மூன்றாம் படி: எந்தக் கடையில் எந்தப் பெயர்?

ஜெர்மன் பேசும் பகுதிகளில் சீரகத்தின் பெயர் ‘க்ரொய்ட்ஸ்கியூமல்’. ‘க்ரொய்ட்ஸ்’ என்றால் சிலுவை. அந்த முன்னொட்டு இல்லாத வெறும் கியூமல் கேரவே. ‘ஷ்வார்ட்ஸ்கியூமல்’, அதாவது கறுப்புக் கியூமல், என்பது கருஞ்சீரகம். சோம்பின் பெயர் ‘ஃபென்ஹெல்’. சுவீடனில் வெறும் ‘கும்மின்’ கேரவே, ‘ஸ்பீஸ்கும்மின்’ சீரகம். டென்மார்க்கில் ‘கொம்மென்’ கேரவே, ‘ஸ்பிஸ்கொம்மென்’ சீரகம். நார்வேயில் இடறல் குறைவு, ஏனென்றால் அங்கே கேரவேக்குக் ‘கார்வெ’ என்று தனிப்பெயர் உண்டு. பிரெஞ்சு பேசும் இடங்களில் ‘கியூமின்’ என்பதைப் பெரும்பாலும் நம்பலாம். கேரவேயின் பெயர் ‘கார்வி’. நெதர்லாந்தில் ‘கொமைன்’ என்பது சீரகமேதான். அங்கே சீரகம் பதித்த பாலாடைக்கட்டியும் உண்டு. போலந்தில் ‘க்மினெக்’ என்பது கேரவே, சீரகத்தை ‘ரோமச் சீரகம்’ என்ற பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள்.

இவ்வளவையும் மனப்பாடம் செய்ய விரும்பாதவருக்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது: துருக்கியர் கடைக்குப் போய்விடுவது. ஜெர்மனியின் பெரும்பாலான ஊர்களில் அத்தகைய கடை ஒன்றாவது இருக்கும். துருக்கியர் சமையலில் சீரகம் நாள்தோறும் புழங்குவதால், ‘கிம்யொன்’ என்று கேட்டால் நம் சீரகமே கிடைக்கும். பேரங்காடியின் சிறு புட்டியைவிட விலையும் மலிவாகவே இருக்கும். அரபுக் கடையில் ‘கம்மூன்’ என்று கேட்க வேண்டும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: துருக்கியில் கிம்யொன் என்றால் பல நேரங்களில் அரைத்த தூளைத்தான் நீட்டுவார்கள், முழு விதையாக வேண்டும் என்று சொல்லிக் கேட்க வேண்டும். தூளைக் கண்ணால் பார்த்து எதுவென்று சொல்ல முடியாது என்பதால், பழகும்வரை முழு விதையாகவே வாங்குவது பாதுகாப்பு.

இந்தியக் கடையில் வேறொரு பொறி காத்திருக்கிறது. பிரியாணிக்குப் போடும் ஷாஜீராவின் பொட்டலத்தில் ஆங்கிலத்தில் ‘கேரவே’ என்று அச்சிட்டிருப்பார்கள். அதை நம்பி, ஷாஜீரா தீர்ந்த வேளையில் ஜெர்மன் கேரவேயை வாங்கிப் பிரியாணியில் போடுகிறவர்கள் உண்டு. ஷாஜீரா என்ற பெயரில் பெரும்பாலும் விற்கப்படுவது மெலிந்து நீண்ட, கறுத்த, மண்வாசனை கொண்ட மலைப்பகுதி விதை. சில நேரங்களில் கேரவேயே அந்தப் பெயரில் வந்துவிடுவதும் உண்மை. இந்தியில் இதற்குக் ‘காலா ஜீரா’, அதாவது கறுப்புச் சீரகம், என்றும் பெயர். வங்காளியிலோ ‘காலோ ஜீரே’ என்றால் கருஞ்சீரகம். சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருந்தும் பொருள் வேறாவதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. தமிழில் கருஞ்சீரகம் என்பது வங்காளியின் பக்கமே நிற்கிறது. பிரிட்டனில் இதே கருஞ்சீரகத்தை ‘வெங்காய விதை’ என்று விற்பார்கள்; வெங்காயத்துக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை, அது சீரகக் குடும்பத்தைச் சேர்ந்ததும் இல்லை.

நான்காம் படி: கண்ணாலும் நகத்தாலும் மூக்காலும் சோதியுங்கள்

பெயர் என்னவாக இருந்தாலும் கடைசித் தீர்ப்பு விதையினுடையது. ஒரு வெள்ளைத் தாளில் ஒரு சிட்டிகை விதையைக் கொட்டி, வெளிச்சத்தில் பாருங்கள்.

சீரகம் ஏறத்தாழ நேராக இருக்கும். நிறம் மஞ்சள் கலந்த பழுப்பு. உற்றுப் பார்த்தால் மேற்பரப்பில் மெல்லிய ரோமம்போல் ஏதோ ஒட்டியிருப்பது தெரியும். பல விதைகளின் நுனியில் சிறு காம்பும் இருக்கும். அது பெரும்பாலும் இரண்டு பாதிகளும் பிரியாமல் சேர்ந்தபடியே விற்பனைக்கு வருகிறது. அதனால்தான் நேராக, இருபுறமும் குவிந்து காணப்படுகிறது. கேரவேயோ முற்றியதும் இரண்டாகப் பிளந்துவிடும். தாளில் கிடப்பவை அந்தப் பாதிகள். ஆகவே ஒவ்வொன்றும் பிறைபோல் வளைந்திருக்கும். நிறம் அடர்ந்த பழுப்பு. அதன்மேல் வெளிறிய கோடுகள் தெளிவாகத் தெரியும். ரோமம் இராது, தொட்டால் வழவழப்பாக இருக்கும். வளைவும் வெளிறிய கோடும் சேர்ந்து தெரிந்தால், பொட்டலத்தில் எதை அச்சிட்டிருந்தாலும் அது சீரகம் இல்லை. சோம்பு இவ்விரண்டையும்விடப் பருத்து, பச்சை சாயலோடு தடித்த வரிகள் கொண்டிருக்கும். கருஞ்சீரகத்துக்கு வரியே இல்லை. மூலைகள் கொண்ட சிறு கருங்கல் துணுக்கு மாதிரி, பளபளப்பில்லாமல் கிடக்கும். அதை எள்ளோடு குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. எள் தட்டையாகவும் வழவழப்பாகவும் இருக்கும் என்பதால் நகத்தால் தடவினாலே தெரிந்துவிடும்.

கண் போதாதபோது இரண்டு விதைகளை உரலிலோ கரண்டியின் அடியிலோ நசுக்கி முகர்ந்து பாருங்கள். சீரகத்தின் மணம் கனமானது, மண்ணும் லேசான கசப்பும் கலந்தது. சூடேறினால் வறுத்த வேர்க்கடலையின் பக்கம் போகும். கேரவேயின் மணம் குளிர்ச்சியாக மேலேறும். அதற்குக் காரணமான கார்வோன் என்ற பொருளின் கண்ணாடிப் பிம்பம் போன்ற மூலக்கூறுதான் ஒருவகைப் புதினாவுக்கு மணம் தருகிறது. இரண்டு மணங்களும் ஒன்றல்ல; ஆனாலும் மூக்கின் மேற்பகுதியில் ஏறும் அந்தக் குளிர்ச்சி இரண்டிலும் உண்டு. சோம்பை நாம் உணவுக்குப் பின் மென்றிருப்போம். அதை எவரும் வேறொன்றாக எண்ண மாட்டார்கள்.

மூக்கைப் பழக்க மலிவான வழி ஒன்று இருக்கிறது. ஜெர்மன் கடைகளில் ‘ஃபென்ஹெல்-அனிஸ்-கியூமல்’ என்று மூன்று பெயர்களைச் சேர்த்து அச்சிட்ட மூலிகைத் தேநீர் கிடைக்கும். வயிற்று உப்புசத்துக்குக் குழந்தைகளுக்குக்கூடக் கொடுப்பார்கள். சோம்பு, அனிஸ், கேரவே மூன்றும் அதில் இருக்கின்றன. அந்தத் தேநீரைக் குடித்துப் பழகியவர் கேரவேயைச் சீரகம் என்று மீண்டும் எடுத்து வரமாட்டார்.

இன்னும் ஐயம் இருந்தால் ஒரு தேக்கரண்டி எண்ணெயைக் காயவைத்து அரைத் தேக்கரண்டி விதையைப் போடுங்கள். நம் வீட்டுத் தாளிப்பின் வாசனை எழுந்தால் அது சீரகம். எழாவிட்டால் அந்த எண்ணெயைக் கொட்டிவிடலாம். ஒரு சட்டி ரசம் மிஞ்சும்.

ஒரு குறிப்பை முழுவதுமாகப் பார்ப்போம்

யாழ்ப்பாணக் கறித்தூளை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் பிழை நேர்ந்தால் அதிக இழப்பு இதில்தான். வீட்டுக்கு வீடு அளவு மாறும். ஒரு சிறு குடும்பத்துக்கான அளவு இப்படி இருக்கலாம்: செத்தல் மிளகாய் 250 கிராம், மல்லி 250 கிராம், ‘ஸ்வீட் கியூமின்’ 50 கிராம், மிளகு 50 கிராம், ‘கியூமின்’ 25 கிராம், வெந்தயம் 25 கிராம், மஞ்சள் இரண்டு துண்டு, கறிவேப்பிலை ஒரு கைப்பிடி. கொழும்பிலிருந்து ஆங்கிலத்தில் அனுப்பப்பட்ட இந்தக் குறிப்போடு ஒருவர் ஜெர்மன் பேரங்காடிக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் இரண்டு இடங்களில் வழுக்கலாம். ஸ்வீட் கியூமினையும் சீரகம் என்று கொண்டால் தூளில் 75 கிராம் சீரகம் சேர்ந்துவிடும், பெருஞ்சீரகம் சுத்தமாக இராது. அந்தத் தூள் கறுத்த நிறத்தோடும் அடித்தொண்டைக் கசப்போடும் இருக்கும்; இறைச்சிக் கறியில் எதிர்பார்க்கும் இனிய மணம் வராது. இதை ஓரளவு சரிசெய்ய வழி உண்டு: பெருஞ்சீரகத்தைத் தனியாக வறுத்து அரைத்து வைத்துக்கொண்டு, கறி இறக்கும்போது சிறிது தூவலாம். யாழ்ப்பாணச் சமையலில் இறுதியில் பெருஞ்சீரகத் தூள் போடுகிறவர்கள் ஏற்கெனவே உண்டு என்பதால் அது ஒட்டுப்போட்டதாகத் தெரியாது.

இரண்டாவது வழுக்கல் மோசமானது. 25 கிராம் கியூமினுக்குப் பதில் கேரவே போய்விட்டால், எடையில் இருபத்தைந்தில் ஒரு பங்குக்கும் குறைவான அந்த விதை அறுநூற்றைம்பது கிராமுக்கு மேற்பட்ட தூள் முழுவதையும் ஆண்டுவிடும். மிளகாயின் காரமும் மல்லியின் மணமும் அதை மூடுவதில்லை. தேங்காய்ப்பாலில் கொதித்தால் இன்னும் தூக்கலாகத் தெரியும். அதைப் பிரித்தெடுக்கவும் முடியாது. ஆகவே வாங்கிய விதைகளை அரைப்பதற்கு முன், வறுக்கும் கட்டத்திலேயே பிழையைப் பிடிக்க வேண்டும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுப்பது மரபு; மல்லிக்குப் பிடிக்கும் நேரத்தில் சீரகம் கருகிவிடும் என்பதே அதற்குக் காரணம், ஆனால் புதியவருக்கு இதில் இன்னொரு பயன் இருக்கிறது. சட்டியில் சீரகம் மட்டும் தனியே சூடேறும் அந்த ஒரு நிமிடத்தில், அது சீரகமா இல்லையா என்பதை மூக்கு சொல்லிவிடும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி வறுத்தால் அந்த வாய்ப்புப் போய்விடும்.

எனவே அவர் வாங்க வேண்டியது ஃபென்ஹெல் 50 கிராமும் க்ரொய்ட்ஸ்கியூமல் 25 கிராமும். ஃபென்ஹெல் மசாலாப் பகுதியில் இல்லாவிட்டால் தேநீர்ப் பகுதியிலோ மருந்துக்கடையிலோ முழு விதையாகக் கிடைக்கும். மருந்துக்கடையில் விற்பது பல நேரங்களில் கசப்புவகைச் சோம்பாக இருக்கும். ஒன்றை மென்று பார்த்து, தித்திப்பு முதலில் வந்தால் வாங்கலாம், கற்பூரம் போன்ற கசப்பு முந்தினால் வேறு கடை பார்ப்பது நல்லது.

ஐந்தாம் படி: கிடைக்காதபோது என்ன செய்வது?

சீரகம் கிடைக்கவில்லை என்றால் கேரவேயைக் குறைத்துப் போடலாமா என்று கேட்பார்கள். ஆங்கிலச் சமையல் தளங்கள் பாதி அளவு போடச் சொல்லும். தக்காளிக் குழம்பு மாதிரிப் புளிப்பும் காரமும் மிகுந்த ஒன்றில் அது தப்பித்துவிடலாம். ரசத்திலும் சீரகச் சோற்றிலும் முடியாது, அங்கே சீரகத்தின் மணமே உணவு. ரசத்துக்குச் சீரகமே இல்லாவிட்டால் மிளகையும் மல்லியையும் சிறிது கூட்டி, சீரகத்தை விட்டுவிடுவதே மேல். அப்போது கிடைப்பது குறையுள்ள ரசம், ஆனால் ரசம்.

சோம்பு இல்லாமல் அனிஸ் மட்டும் இருந்தால் பாதி அளவு போடலாம். குருமாவில் வேறுபாடு அதிகம் தெரியாது. கருஞ்சீரகத்துக்கும் ஷாஜீராவுக்கும் ஒன்றையொன்று மாற்றாக்க வேண்டாம். பெயரில் மட்டும்தான் அவை உறவு.

வீட்டில் புட்டிகளுக்குப் பெயர் ஒட்டும்போது தமிழ்ப் பெயரையும் உள்ளூர்ப் பெயரையும் சேர்த்து எழுதிவையுங்கள். அறையில் உடன் தங்குகிறவர் ஜெர்மானியராகவோ வங்காளியாகவோ இருந்து, உங்களுக்கு உதவியாகக் கடைக்குப் போனால், அந்தத் தாளைப் பார்த்துச் சரியானதை வாங்கி வருவார். ஊரிலிருந்து உறவினர் குறிப்புச் சொல்லும்போதும் ‘சீரகம்’ என்றதும் நிறுத்தி, சின்னதா பெரிதா என்று ஒருமுறை கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர்களுக்கு அது விநோதமான கேள்வியாகத் தோன்றும், இருந்தாலும் கேளுங்கள்.

ஏற்கெனவே கேரவேயை வாங்கிவிட்டவர்கள் அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. உருளைக்கிழங்கைத் தோலோடு வேகவைக்கும் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி போடலாம். முட்டைக்கோஸை வெண்ணெயில் வதக்கும்போதும் போடலாம். அந்நாட்டார் அதைப் புழங்குவது அப்படித்தான். தேங்காய் சேரும் எதிலும் மட்டும் அதைக் காட்ட வேண்டாம்.